உதட்டில் நீர்க்கட்டி, நாக்குக்கு அடியில் நீர்ப்பை: குத்திவிட்டாலும் ஏன் திரும்ப வருகிறது?

கீழுதட்டை வெளியே மடித்து, உள்பக்கத்தை ஒரு டிஷ்யூவால் ஒற்றித் துடைத்துவிட்டு, உதட்டை விடாமல் பிடித்தபடி ஒரு நிமிடம் கண்ணாடியில் பாருங்கள். துடைத்த இடத்தில் அங்கங்கே பொடிப் பொடியாக நீர்த்துளிகள் அரும்பும். ஒவ்வொரு துளிக்கும் கீழே ஓர் உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. எச்சில் என்றதும் காதுக்குக் கீழேயும் தாடைக்கு அடியிலும் உள்ள பெரிய சுரப்பிகளைத்தான் நினைக்கிறோம். ஆனால் உதடு, கன்னத்தின் உள்பக்கம், நாக்கு, அண்ணம் என்று வாய் முழுக்க 600 முதல் 1000 வரை சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இவை சுரப்பது தண்ணீர் போன்ற எச்சில் இல்லை, கொஞ்சம் கெட்டியான, விரலில் தொட்டு இழுத்தால் நூலாக நீளும் கோழை. வாயின் உள்தோல் காய்ந்து போகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கோழை வெளியே வர ஒவ்வொரு சுரப்பிக்கும் மயிரிழை போன்ற ஒரு குழாய் உண்டு. உதட்டைக் கடித்துக்கொள்ளும்போது அந்தக் குழாய் அறுந்துவிட்டால் என்ன ஆகும்? சுரப்பிக்கு அது தெரியாது, அது பாட்டுக்குச் சுரந்துகொண்டே இருக்கும். கோழை வெளியே வர வழியில்லாமல், தோலுக்கு அடியில் உள்ள சதைக்குள் கொட்டத் தொடங்கும். உடம்பு அதை அந்நியப் பொருளாகத்தான் பார்க்கிறது. அதைச் சுத்தம் செய்ய வெள்ளை அணுக்கள் வந்து கூடுகின்றன, சுற்றிலும் புதுச்சதை வளர்ந்து ஒரு சுவர் மாதிரி அடைத்துவிடுகிறது. உள்ளே கோழை, வெளியே இந்தச் சுவர். இதுதான் மியூக்கோசீல்.

ரொம்ப நாளாக மருத்துவர்களே இதை வேறு மாதிரி நினைத்திருந்தார்கள். குழாய் அடைத்துக்கொள்வதால் பின்னால் கோழை தேங்கி, குழாயே பலூனாக ஊதிவிடுகிறது என்பது பழைய விளக்கம். 1950களில் எலிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். சுரப்பியின் குழாயை நூலால் கட்டி அடைத்தபோது கட்டி வரவில்லை. குழாயைக் கிழித்துவிட்டபோது மனிதர்களுக்கு வருவது போன்ற கட்டியே வந்தது. ஆக, பெரும்பாலும் பிரச்சினை அடைப்பு இல்லை, கசிவு. நிஜமாகவே அடைப்பினால் வருகிற வகையும் உண்டு, அது கொஞ்சம் வயதானவர்களுக்குத்தான் அதிகம் வரும், அதில் உள்சுவராகக் குழாயின் தோலே இருக்கும். உதட்டில், சின்ன வயதில், கடித்த பிறகு வருவது அநேகமாக எப்போதும் கசிவு வகைதான்.

இந்த வித்தியாசத்தை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. சிகிச்சை முழுவதும் இதில்தான் தொங்குகிறது.

நான் மும்பையில் செம்பூர் பக்கம் வாய் அறுவை சிகிச்சை செய்கிறவள். வருகிற நோயாளிகளில் பாதிப் பேர் நம்மவர்கள்: தாராவி, சயன் கோலிவாடா, ஆன்டாப் ஹில், முலுண்ட் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். மியூக்கோசீலுக்கு ஒரு பையனைச் சொல்கிறேன். ஒன்பதாவது படிக்கிறவன். அம்மா தாராவியில் வீட்டிலேயே இட்லி அவித்து விற்கிறவர், திருநெல்வேலிப் பக்கம். பையனின் கீழுதட்டில், நடுவில் இல்லாமல் இடப்பக்கம் தள்ளி, கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு மேடு. லேசான நீல நிறம், விரலால் அமுக்கினால் உள்ளே நீர் நகர்வது தெரிகிறது, வலி கிடையாது.

"டாக்டரம்மா, ஊசிய அடுப்புல காட்டி நானே குத்திவிட்டேன். கொழகொழன்னு தண்ணி வந்துது, அப்படியே அமுங்கிடுச்சு. பத்து நாள்ல மறுபடியும் அதே எடத்துல நிக்குது. இது என்ன, கேன்சரா?" என்றார் அம்மா.

கேன்சர் இல்லை. அவர் சொன்னதில்தான் நோயின் முழுக் கதையும் இருந்தது. வந்தது, உடைந்தது அல்லது உடைக்கப்பட்டது, நூலாக நீளும் நீர் வந்தது, அமுங்கியது, அதே இடத்தில் திரும்ப வந்தது. கீழுதட்டில் இருக்கும் ஒரு கட்டிக்கு இப்படி ஒரு வரலாறு இருந்தால் நோயைப் பாதிக்கு மேல் கண்டுபிடித்தாகிவிட்டது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதுவும் நோயைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அந்த நீல நிறத்தைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள், விஷமேறிவிட்டது என்றுகூட நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது நிறமில்லாத கோழைதான். மேலே தோல் ரொம்ப மெல்லிசாக இழுபட்டிருப்பதால் வெளிச்சம் சிதறி, அடியில் உள்ள ரத்தக்குழாய்களும் சேர்ந்து, நீலமாகத் தெரிகிறது. அதே கட்டி கொஞ்சம் ஆழத்தில் இருந்தால் சாதாரண உதட்டு நிறத்திலேயே இருக்கும், தொட்டால்தான் தெரியும். பல தடவை உடைந்து ஆறியது என்றால் மேல்தோல் வெள்ளையாகத் தடித்துவிடும், அப்போது நீர்க்கட்டி என்றே சொல்ல முடியாத அளவுக்குக் கெட்டியாக இருக்கும். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது.

பையனை வாயைத் திறக்கச் சொல்லி மேல்பற்களைப் பார்த்தேன். இடது மேல் கோரைப்பல் தெத்துப்பல்லாக வெளியே தள்ளி நின்றது. வாயை மூடச் சொன்னால் அதன் கூர் முனை நேராக அந்தக் கட்டி மேல் போய் உட்காருகிறது. கீழுதட்டு மியூக்கோசீல் அனேகமாக நடுவில் வராமல் பக்கவாட்டில் வருவதற்கு இதுவே காரணம், மேல் கோரைப்பல் படுகிற இடம் அது. தெத்துப்பல் மட்டுமில்லை, உடைந்த பல்லின் முனை, பல்லில் போட்ட கிளிப், பரீட்சைக்குப் படிக்கும்போது உதட்டை உள்ளே இழுத்துச் சப்புகிற பழக்கம், கிரிக்கெட் பந்து பட்ட காயம் எல்லாம் இதையே செய்யும். எப்போது கடித்தோம் என்று நினைவில்லாதவர்களும் நிறைய, கடிபட்டது சின்னக் காயமாகவே இருந்திருக்கும்.

சரி, குத்தினால் ஏன் போகவில்லை? ஊசி கட்டியைத்தான் குத்தியது. கட்டி என்பது கொட்டிய கோழை மட்டும்தான், அதைக் கொட்டுகிற சுரப்பி அடியில் அப்படியே இருக்கிறது. ஊசி போட்ட துளை இரண்டு மூன்று நாளில் ஆறி மூடிக்கொள்ளும், சுரப்பி மறுபடி நிரப்பும். சில சமயம் குத்திய பிறகு நிஜமாகவே போய்விடும், அப்படிப் போனவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஊசியைச் சிபாரிசு செய்வார்கள். அங்கே நடந்தது என்னவென்றால், கிழிந்த குழாய் புதிதாக ஒரு வாய் திறந்துகொண்டது, அல்லது அந்தச் சுரப்பி சுருங்கிச் செத்துப்போனது. ஊசி குத்தாமலே இருந்திருந்தாலும் இது நடந்திருக்கலாம். வீட்டு ஊசியால் கிருமி உள்ளே போய்ச் சீழ் பிடித்தால், நீர்க்கட்டியாக வந்தவர் வீங்கிய உதட்டோடு வந்து நிற்பார்.

இதையே தலைகீழாகப் பார்த்தால், காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான். சிறுபிள்ளைகளுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத, சின்னக் கட்டி என்றால், கடிக்கிற காரணத்தை மட்டும் சரிசெய்துவிட்டு ஒன்றிரண்டு மாதம் பார்ப்பதில் தவறில்லை. கொஞ்சம் பேருக்குத் தானாக அமுங்கிவிடும். மேல் அண்ணத்தின் பின்பகுதியில், சாப்பிடும்போது திடீரென்று கடுகளவு தெளிவான கொப்புளங்கள் வந்து சில மணி நேரத்தில் உடைந்துபோகிற ஒரு வகை உண்டு, அதற்கு எதுவுமே செய்ய வேண்டாம். ஆனால் இந்தப் பையனுக்கு நாலைந்து மாதமாகவே வந்து போய்க்கொண்டிருந்தது, அளவும் கூடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டது தானாகப் போகும் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வராது.

அறுவை சிகிச்சை என்றதும் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. உண்மையில் இது பல் பிடுங்குகிற நாற்காலியிலேயே அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. முதலில் லிக்னோகெயின் ஊசி. அதைக் கட்டிக்குள்ளோ ஒட்டினாற்போலோ போடுவதில்லை, போட்டால் மருந்து நீரே சதையை உப்பவைத்து, கட்டி எங்கே முடிகிறது என்று தெரியாமல் போய்விடும். கீழ்த்தாடையில் கடைவாய்க்கு முந்தைய பற்களின் வேர்ப்பக்கம் ஒரு நரம்பு வெளியே வருகிறது, அங்கே போட்டால் அந்தப் பக்கத்துக் கீழுதடு முழுவதும் மரத்துவிடும். அப்புறம் உதவியாளர் இரண்டு விரலால் கட்டியின் இருபுறமும் உதட்டை அழுத்தி வெளியே மடித்துப் பிடிப்பார். இந்தப் பிடி முக்கியம்: ரத்தக்குழாய் அழுந்தி ரத்தம் குறையும், கட்டியும் முன்னால் தள்ளிக்கொண்டு வரும்.

மேல்தோலை மட்டும் மெதுவாகக் கீறி, கட்டியை அதன் சுவரோடு சுற்றிலும் பிரித்து எடுப்போம். எடுத்து முடித்தால் பெரும்பாலானவர்கள் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். இல்லை, இப்போதுதான் முக்கால்வாசி வேலையே. திறந்த இடத்துக்குள் எட்டிப் பார்த்தால் வேகவைத்த ஜவ்வரிசி போல மங்கலான உருண்டைகள் கொத்தாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அவைதான் சுரப்பிகள். அதில் எந்த ஒன்றின் குழாய் கிழிந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கீறும்போது பக்கத்துச் சுரப்பிகளின் குழாய்களையும் நாமே அறுத்திருப்போம். அதனால் வெட்டின் ஓரத்தில் எட்டிப் பார்க்கிற அத்தனை உருண்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து எடுத்துவிட வேண்டும். பையனுக்கு ஏழெட்டு எடுத்தேன். நூற்றுக்கணக்கில் இருப்பதால் அவ்வளவு போனால் உதடு காய்ந்துவிடாது. நடுவில் கட்டி உடைந்து கோழை வழிந்துவிட்டாலும் பெரிய விஷயமில்லை, எல்லை தெரியாமல் கொஞ்சம் தொல்லை, அவ்வளவுதான். உருண்டைகளை விடாமல் எடுத்தால் சரி.

தையலிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஊசியை ஆழமாகக் கொண்டுபோனால் அடியில் உள்ள நல்ல சுரப்பியின் குழாயைக் குத்திக் கிழித்து, அதே இடத்தில் நாமே ஒரு புது மியூக்கோசீலுக்கு விதை போட்டுவிடுவோம். மேல்தோலை மட்டும் பிடித்து மூன்று நான்கு தையல் போதும். அறுவைக்குப் பிறகு திரும்ப வருவது குறைவு, ஆனாலும் சிலருக்கு வரும். வந்தால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: சுரப்பி மிச்சம் விட்டது, தையல் குத்தியது, அல்லது கடிக்கிற பல் அப்படியே இருப்பது. பையனின் கோரைப்பல் முனையை அன்றைக்கே லேசாகத் தேய்த்து மழுக்கிவிட்டு, பல்வரிசையைச் சீராக்குகிற மருத்துவரிடம் அனுப்பினேன்.

வீட்டுக்குப் போன பிறகு முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான் எனக்குக் கவலை. உதடு மரத்திருக்கும்போது பிள்ளைகள் விளையாட்டாக அதைக் கடித்துப் பார்ப்பார்கள், வலிக்காது, மரப்பு விட்ட பிறகு பார்த்தால் உதடு புண்ணாகிக் கிடக்கும். அதுவரை சாப்பாடு வேண்டாம், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் சூடில்லாமல் தயிர்சாதம், ஆறின இட்லி. மறுநாளிலிருந்து உப்புத்தண்ணீரில் கொப்பளிப்பு. இரண்டு மூன்று நாள் வீக்கம். ஒரு வாரத்தில் தையல் பிரிப்பு. வெட்டிய இடத்தில் பொட்டளவுக்கு உணர்ச்சி கொஞ்சம் குறைந்திருக்கலாம், பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

எடுத்த கட்டியைக் குப்பையில் போடாமல் ஃபார்மலினில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்புவோம். "கேன்சர் இல்லேன்னுதானே சொன்னீங்க, அப்புறம் எதுக்கு டெஸ்ட்?" என்று அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. பதில், இடத்தைப் பொறுத்தது. கீழுதட்டில், சின்ன வயதில், வந்து வந்து போவது மியூக்கோசீல்தான். மேலுதட்டில் மியூக்கோசீல் அபூர்வம், அங்கே கெட்டியாக, அளவு மாறாமல் மெதுவாக வளருகிற உருண்டை என்றால் சுரப்பிக் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலும் மேல் அண்ணத்திலும் நீலமாக, நீர்க்கட்டி போலவே தெரிகிற ஒன்று சுரப்பியில் வருகிற புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். அந்த இடங்களில் ஊசியால் குத்திப் பார்ப்பது, மாதக்கணக்கில் காத்திருப்பது எல்லாம் கூடாது. பையனின் அறிக்கையில் கோழைத் தேக்கம், அதைத் தின்னும் அணுக்கள், சுற்றிலும் புதுச்சதை, உள்சுவர் இல்லை என்று வந்தது. கசிவு வகை, எதிர்பார்த்ததுதான்.

லேசரில் எடுக்கலாமா என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். எடுக்கலாம், ரத்தம் குறைவு, பல நேரம் தையலே வேண்டாம். ஆனால் கத்தியோ லேசரோ, அடியில் உள்ள சுரப்பி போக வேண்டும் என்கிற கணக்கு மாறாது. மேல்தோலை மட்டும் சுட்டுவிட்டுச் செலவு கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஊசியைப் பார்த்தாலே அலறுகிற சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மரக்கிற மருந்தை மேலே தடவி, கட்டியின் அகலமான இடத்தில் ஒரு பட்டுநூலைக் குறுக்கே கோத்து, முடிச்சுப் போட்டு, ஒரு வாரம் பத்து நாள் அப்படியே விட்டுவிடுவது. நூலை ஒட்டி வாய்த்தோல் உள்ளே வளர்ந்து, கோழை வெளியே வர நிரந்தரமான ஒரு புதுக்குழாயை அமைத்துக்கொள்ளும். ஊசித் துளை மூடிக்கொள்கிறது, நூல் மூடவிடுவதில்லை, அதுதான் வித்தியாசம். நூல் நடுவில் அறுந்து விழுந்துவிட்டால் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

இனி நாக்குக்கு அடிக்கு வருவோம். அங்கே வருவதும் அடிப்படையில் இதே கசிவுதான், பெயர் மட்டும் ரானுலா. ஆனால் கசிகிற சுரப்பி வேறு, அதனால் எல்லாமே வேறாகிவிடுகிறது. நாக்கைத் தூக்கினால் அடியில் இருபுறமும் ஒரு சின்ன மடிப்பு தெரியும். அதற்குக் கீழே பாதாம் பருப்பு அளவில் ஒரு சுரப்பி படுத்திருக்கிறது, நாவடிச் சுரப்பி. காதடியிலும் தாடையடியிலும் உள்ள பெரிய சுரப்பிகள் முக்கியமாகச் சாப்பாட்டு நேரத்தில்தான் வேகமாகச் சுரக்கும். நாவடிச் சுரப்பி அப்படி இல்லை, பசித்தாலும் தூங்கினாலும் இடைவிடாமல் கோழையைச் சுரந்துகொண்டே இருக்கும். அதற்குப் பத்துக்கும் மேற்பட்ட நுண்குழாய்கள், அதில் ஒன்று கிழிந்தால் போதும். உதட்டுச் சுரப்பி சின்னது, சில நேரம் அடங்கிவிடும். இது அடங்காது.

முப்பதை எட்டாத ஒரு பெண், அந்தேரியில் ஓர் அலுவலகத்தில் வேலை, வீடு மாதுங்காவில். வலது பக்கம் நாக்கடியில் நெல்லிக்காயளவு நீலமான, மென்மையான வீக்கம், நாக்கை இடப்பக்கம் ஒதுக்கிவிட்டிருந்தது. போனில் பேசும்போது 'ழ'வும் 'ல'வும் குழறுகிறது என்பதுதான் அவருக்குப் பெரிய வருத்தம், வலி இல்லை. ஏற்கெனவே ஒரு கிளினிக்கில் ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள், சில வாரத்தில் திரும்பிவிட்டது. அப்புறம் வேறொரு இடத்தில் பையின் கூரையை வெட்டித் திறந்து, ஓரங்களை வாய்த்தோலோடு சேர்த்துத் தைத்து, ஒரு பள்ளம் மாதிரி விட்டிருக்கிறார்கள். இதுவும் ஓர் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைதான், சின்ன ரானுலாவுக்கும் குழந்தைகளுக்கும் இன்றும் முதலில் இதைச் செய்வதுண்டு. இவருக்கு ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, ஆறு மாதத்துக்குள் பழையபடி ஆகிவிட்டது.

யாரும் தப்பாகச் செய்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், அந்தச் சிகிச்சைகளின் கணக்கே அப்படித்தான். 2004இல் சீன மருத்துவர்கள் 580 ரானுலாக்களைத் தொகுத்துப் பார்த்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பையைத் திறந்து தைத்துவிட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குத் திரும்ப வந்திருந்தது. பையை மட்டும் முழுதாக எடுத்தவர்களில் பாதிக்கு மேல். நாவடிச் சுரப்பியையே எடுத்தவர்களிலோ, நூற்றுக்கு ஒன்று சொச்சம். பைக்கும் சுரப்பிக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அதனால் அவருக்குச் சுரப்பியை எடுக்கலாம் என்று முடிவானது. இது நாற்காலி வேலை இல்லை. பெரும்பாலும் முழு மயக்கம், ஒன்றிரண்டு நாள் மருத்துவமனை. காரணம், அந்தச் சுரப்பியை ஒட்டியே இரண்டு விஷயங்கள் போகின்றன. ஒன்று, நாக்கின் முன்பகுதிக்கு உணர்ச்சி தருகிற நரம்பு. இன்னொன்று, தாடையடிச் சுரப்பியின் பெரிய குழாய். நரம்பு அடிபட்டால் நாக்கின் பாதி மரத்துப்போகும், இழுபட்டது மட்டும் என்றால் வாரங்களில், மாதங்களில் மீளும், அறுந்தால் மீள்வது கடினம். குழாய் அறுந்தால் தாடைக்கு அடியில் சாப்பிடும்போதெல்லாம் வீங்கும். ஆகவே முதலில் இந்த இரண்டையும் கண்டுபிடித்து ஒதுக்கிப் பத்திரப்படுத்திவிட்டு, அப்புறம்தான் சுரப்பியைத் தொட வேண்டும். அவருக்கு நாக்கு நுனியில் மூன்று வாரம் போல மதமதப்பு இருந்தது, பிறகு போய்விட்டது. ஒரு நாவடிச் சுரப்பி போனால் வாய் காயுமோ என்ற பயம் வேண்டாம், மற்றவை பார்த்துக்கொள்ளும்.

செலவு யோசிக்கிறவர்களுக்கு, மும்பையில் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரியும், மும்பை சென்ட்ரலில் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். வாய் அறுவை சிகிச்சைப் பிரிவு என்று கேட்டுப் போங்கள், வெறும் பல் பிரிவில் உட்கார்ந்து அரை நாள் போக்காதீர்கள்.

நாக்கடியில் வருகிற எல்லாமே ரானுலாவும் இல்லை. சாப்பிட உட்கார்ந்ததும் வலியோடு வீங்கி, சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் வடிகிறது என்றால் பெரிய குழாயில் கல் இருக்கலாம். சரியாக நடுவில், மாவைத் தொடுவது போல அமுங்குவது பிறவியிலேயே உள்ள வேறு வகைக் கட்டியாக இருக்கலாம். காய்ச்சல், தாங்க முடியாத வலி, விழுங்க முடியாமை, நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சு வாங்குவது, இவற்றில் எது வந்தாலும் அது காத்திருக்கிற விஷயமில்லை, அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பிறந்த குழந்தைக்கு ரானுலா இருந்து பால் குடிக்கவும் மூச்சுவிடவும் சிரமமில்லை என்றால், குழந்தை மருத்துவரின் கண்காணிப்பில் சில மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள்.

கடைசியாக, எல்லாரையும் குழப்புகிற ஒன்று. ரானுலா சிலருக்கு வாயில் தெரியவே தெரியாது, கழுத்தில் தெரியும். வாயின் தரை என்பது தாடையின் இருபுறமும் கட்டிய ஒரு தசை. நிறையப் பேருக்கு அதில் பிறவியிலேயே ஒரு சின்ன இடைவெளி உண்டு, சிலருக்குத் தசையின் பின்ஓரம் வழியாகவும் வழி கிடைக்கும். கசிந்த கோழை அந்த வழியாகக் கீழே இறங்கித் தாடைக்கு அடியில் மென்மையான, வலியில்லாத வீக்கமாக நிற்கும். நெறிக்கட்டு என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவார்கள், காசநோயோ என்று அலைவார்கள். இங்கே மட்டும் எம்.ஆர்.ஐ. பிரயோஜனப்படும்: கழுத்துப் பையிலிருந்து ஒரு வால் நீண்டு நாவடிச் சுரப்பியைப் போய்த் தொடுவது படத்தில் தெரியும். ஊசியில் எடுத்த நீரைச் சோதித்தால் அமைலேஸ் என்கிற எச்சில் நொதி அதிகமாக இருக்கும், கழுத்தில் இருப்பது வாயிலிருந்து வந்த சரக்கு என்பதற்கு அது சாட்சி.

இப்படிப்பட்டவர்களுக்குக் கழுத்தைக் கிழித்துப் பையை எடுத்த காலம் ஒன்று இருந்தது, தழும்பும் மிஞ்சும், சுரப்பி உள்ளேயே இருந்தால் பையும் திரும்ப வரும். இப்போது பெரும்பாலும் கழுத்தைத் தொடுவதே இல்லை. வாய் வழியாகவே நாவடிச் சுரப்பியை எடுத்துவிட்டு, கழுத்தில் தேங்கியதை அதே வழியில் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். அந்தப் பைக்கு உள்சுவர் கிடையாது, புதிதாகக் கோழை வருவதும் நின்றுவிட்டது, அதனால் மிச்சம் மீதியை உடம்பே சில வாரங்களில் உறிஞ்சிக்கொள்ளும்.